ஒரே எச்சரிக்கை, இரண்டு காரணங்கள்: "Unlicensed Product" பட்டையைப் பிரித்துப் பார்த்த ஒரு நாள்

செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரம் தணிக்கை அலுவலகங்களில் யாரும் நிமிர்ந்து உட்கார முடியாத காலம். வருமான வரித் தணிக்கை அறிக்கைகளைத் தாக்கல் செய்வதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்த அப்படியொரு திங்கட்கிழமை காலையில், நான் அவ்வப்போது கணினிகளைப் பார்த்துத்தரும் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து ஆடிட்டர் அழைத்தார். முன்மேசையில் கணக்காளர் அம்மா பயன்படுத்தும் கணினியில் வேர்ட், எக்செல் இரண்டின் தலைப்பிலும் "Unlicensed Product" என்று வந்துவிட்டது. புதிய கோப்பு திறக்கவில்லை, பழைய கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. "தம்பி, சந்தா முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன். வீட்ல பொண்ணோட லேப்டாப்லயும் இதேதான் வந்துச்சு. அதுக்கு நேத்தே கடையில கார்டு வாங்கிப் போட்டேன், அப்பவும் போகல. இதுக்கும் பணம் கட்டிறட்டுமா?" என்று கேட்டார்.

நான் வந்து பார்க்கும்வரை எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்றும், வீட்டு மடிக்கணினியையும் அலுவலகத்துக்கு எடுத்துவரச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். பணம் கட்டிய பிறகும் எச்சரிக்கை நீங்கவில்லை என்ற அந்த ஒரு தகவலே, இங்கே சந்தாவைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் கலந்திருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. அன்று செய்தவற்றை, செய்த வரிசையிலேயே, தவறாகச் செய்ததையும் மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறேன். அலுவலகத்தில் இருந்தது மைக்ரோசாஃப்ட் 365-இன் வணிகச் சந்தா. வீட்டு மடிக்கணினியில் இருந்தது அதன் குடும்பச் சந்தா. இரண்டும் விண்டோஸ் கணினிகள்.

முதலில் இந்த எச்சரிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மென்பொருள் தன்னிடம் இப்போது செல்லுபடியாகும் உரிமம் எதுவும் இல்லை என்று கண்டுகொண்டால், குறைந்த செயல்பாட்டு நிலைக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் கோப்புகளைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம். ஆனால் திருத்தவோ புதிதாக உருவாக்கவோ முடியாது. கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதைக் கணக்காளர் அம்மாவிடம் முதலில் சொன்னேன், ஏனெனில் அவர் அதற்குள் ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கியிருந்தார். நகலெடுத்ததில் தவறில்லை, பயந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உரிமம் ஏன் இல்லாமல் போனது என்பதை அந்த இரண்டு சொற்கள் சொல்வதில்லை. சந்தாவின் காலம் முடிந்திருந்தாலும், சந்தா உயிரோடு இருக்க உள்நுழைந்திருக்கும் கணக்கு வேறொருவருடையதாக இருந்தாலும், கணினி 30 நாட்களுக்கு மேல் இணையத்தையே பார்க்காமல் இருந்து உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் போயிருந்தாலும் திரையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே காட்சிதான்.

ஆகவே விசாரணையை அந்தக் கணினியில் தொடங்கக் கூடாது என்பது என் பழக்கம். கணினி சொல்வது, கடைசியாக அதற்குத் தெரிந்த செய்தியை மட்டுமே. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் கணக்கின் பக்கம். அதையும் அதே கணினியின் உலாவியில் கேட்டால், அங்கே ஏற்கெனவே நினைவில் வைக்கப்பட்டிருக்கும் ஏதோ ஒரு கணக்கு தானாக உள்நுழைந்து நம்மைக் குழப்பிவிடும். எனவே என் கைப்பேசியில், கைப்பேசி இணையத்தில், மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து அங்கிருந்து பார்த்தேன்.

அலுவலகச் சந்தாவுக்கு ஆடிட்டர் தம் நிர்வாகிக் கணக்கில் admin.microsoft.com பக்கத்தில் உள்நுழைந்தார். Billing என்பதன் கீழ் Your products என்ற பக்கத்தில் சந்தாவின் நிலை Active என்றே இருந்தது. அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. வணிகச் சந்தா ஒன்று உண்மையாகவே முடிந்திருந்தால்கூட மறுநாளே யாருடைய வேர்டும் முடங்கிவிடுவதில்லை. பெரும்பாலான வணிகச் சந்தாக்களில், முடிந்த பின் 30 நாட்கள் பயனர்கள் வழக்கம்போல் வேலை செய்யலாம். அதன் பிறகு வரும் 90 நாட்களில் நிர்வாகி மட்டும் உள்ளே போக முடியும், பயனர்களின் மென்பொருள் முடங்கும். அதற்கும் பின்னர்தான் தரவு நீக்கத்துக்கு உள்ளாகும். ஆகவே ஒரு அலுவலகத்தில் ஆறு கணினிகள் இருக்க அவற்றில் ஒன்று மட்டும் முடங்கினால், அது சந்தா முடிந்ததன் அடையாளமே அல்ல. சந்தா முடிந்திருந்தால் எல்லாமே ஏறக்குறைய ஒன்றாக விழும். இந்த ஒரு கேள்வியை, அதாவது பக்கத்து மேசையில் வேலை செய்கிறதா என்பதை, தொலைபேசியிலேயே கேட்டிருந்தால் ஆடிட்டரின் பாதிக் கவலை அப்போதே தீர்ந்திருக்கும்.

ஆனால் சந்தா உயிரோடு இருப்பது ஒன்று, அதிலிருந்து ஓர் உரிமம் குறிப்பிட்ட நபருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இன்னொன்று. அதனால் Users, Active users என்ற வழியில் கணக்காளர் அம்மாவின் பெயரைத் திறந்து, Licenses and apps என்ற பகுதியைப் பார்த்தோம். உரிமம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதே பகுதியின் கீழே Apps என்ற பட்டியலை விரித்தால், அந்த உரிமத்துக்குள் அடங்கும் சேவைகள் தனித்தனித் தேர்வுப் பெட்டிகளாக வரும். அதில் Microsoft 365 Apps for Business என்பதற்கு நேரே குறி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். யாராவது அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துவிட்டிருந்தால் மின்னஞ்சல் வேலை செய்யும், வேர்ட் வேலை செய்யாது. Business Basic திட்டத்துக்கு மாற்றப்பட்டவர்களுக்கும் இதே கதைதான், ஏனெனில் அந்தத் திட்டத்தில் கணினியில் நிறுவும் மென்பொருள் சேர்த்தியில்லை. இங்கே குறியும் இருந்தது, திட்டமும் Business Standard ஆகவே இருந்தது. ஆக, முன்மேசைக் கணினியைப் பொறுத்தவரை சந்தா சுத்தம், கோளாறு உள்நுழைவில்தான்.

இந்தப் பக்கத்தில் இருக்கும்போதே இன்னொன்று கண்ணில் பட்டது. அலுவலகத்தில் பயிற்சி பெற்று வந்த ஆர்ட்டிகிள் மாணவர் ஒருவர் பயிற்சி முடிந்து விலகியிருந்தார். அவருடைய உரிமத்தை எடுத்து, புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆடிட்டரே மாற்றிக் கொடுத்திருந்தார். பழையவரின் கணக்கில் உள்நுழைவையும் தடுத்திருந்தார். எல்லாம் முறையாகச் செய்யப்பட்டதுதான். "அவர் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்?" என்று கேட்டேன். முன்மேசை என்றார்கள். வெள்ளி மாலை உரிமம் போயிருக்கிறது, திங்கள் காலை எச்சரிக்கை வந்திருக்கிறது.

இப்போது கணினிக்கு வந்தேன். கணக்காளர் அம்மா தம் கணக்கில்தான் உள்நுழைந்திருப்பதாக உறுதியாகச் சொன்னார். அதற்கு ஆதாரமாக ஒன்டிரைவையும் உலாவியில் திறந்திருந்த மின்னஞ்சலையும் காட்டினார். இரண்டிலும் அவர் பெயர்தான். ஆனால் ஒன்டிரைவில் யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்பதும், உலாவியில் யார் என்பதும், வேர்டில் யார் என்பதும் தனித்தனிச் செய்திகள். வேர்டில் File, Account என்று போனால் இடப்பக்கம் User Information என்ற தலைப்பின் கீழ் உள்நுழைந்திருப்பவரின் பெயரும், வலப்பக்கம் Product Information என்ற தலைப்பின் கீழ் உரிமம் யாருடையது என்பதும் இருக்கும். உரிமம் உயிரோடு இருக்கும் கணினியில் வலப்பக்கத்தில் Belongs to: என்று ஒரு மின்னஞ்சல் முகவரி வரும். இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த விசாரணையின் மையம், ஏனெனில் இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் மற்றொருவரும் இருப்பதும் நடக்கக்கூடியதே. இங்கே இரண்டு பக்கத்திலும் பயிற்சி முடிந்துபோன மாணவரே இருந்தார். கணக்காளர் அம்மா இத்தனை வாரங்களாகத் தம் கோப்புகளை அவருடைய உரிமத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வேர்டின் மேல்மூலையில் அந்த மாணவரின் பெயரின் முதலெழுத்துகள் வட்டத்துக்குள் இருந்தன. அதை யாரும் பார்ப்பதில்லை, நானும்தான் முந்தைய வருகையில் பார்க்கவில்லை.

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்ய, மென்பொருளோடு கூடவே வரும் சிறிய நிரலை ஓட்டினேன்.

```
cd "C:\Program Files\Microsoft Office\Office16"
powershell -ExecutionPolicy Bypass -File .\vnextdiag.ps1 -action list
```

பலர் இதற்கு `ospp.vbs /dstatus` என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துவார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே நம்பியிருந்தேன். ஆனால் புதிய பதிப்புகளில் உரிமம் பயனரின் கோப்புறைக்குள் தனிக் கோப்பாக வைக்கப்படுவதால், அந்தப் பழைய கட்டளை எந்த உரிமமும் இல்லை என்று சொல்லிவிடும். நன்றாக வேலை செய்யும் கணினியிலும் அப்படியே சொல்லும். அதைப் பார்த்து மென்பொருளையே அழித்து மீண்டும் நிறுவியவர்கள் உண்டு. மேலே உள்ள நிரலை, பயனர் உள்நுழைந்திருக்கும் அதே விண்டோஸ் கணக்கில்தான் ஓட்ட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்; நிர்வாகியாக வேறு கணக்கில் ஓட்டினால் அது அந்த நிர்வாகியின் கோப்புறையைப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றுதான் சொல்லும். இங்கே கிடைத்ததில் எனக்குத் தேவைப்பட்ட வரிகள் இவை:

```
"Product": "O365BusinessRetail",
"LicenseState": "RFM",
```

RFM என்பது குறைந்த செயல்பாட்டு நிலையைக் குறிக்கும். அதாவது உரிமக் கோப்பு இருக்கிறது, அது யாருக்கோ உரியது, ஆனால் அந்த யாரோ இப்போது உரிமம் உள்ளவர் அல்ல.

பழுது இன்னதென்று தெரிந்துவிட்டது, ஆகவே சரிசெய்வது இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். Account பக்கத்தில் Sign out கொடுத்து மாணவரை வெளியேற்றிவிட்டு, வேர்டை மூடித் திறந்து, Sign in கொடுத்தேன். உள்நுழைவுச் சாளரம் வந்தது, வெறும் வெள்ளையாக ஒரு நொடி நின்றது, தானாக மூடிக்கொண்டது. மறுபடி முயன்றேன், அதேதான். இந்த வெள்ளைச் சாளரத்துக்குக் காரணங்கள் பல உண்டு. கணினியின் தேதியோ நேர மண்டலமோ தவறாக இருந்தால் உள்நுழைவு தோற்கும். பார்த்தேன், சரியாக இருந்தது. அலுவலகத்தின் தீச்சுவரோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ இணைப்பை இடைமறித்தால் இப்படி ஆகலாம். கணினியை என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தேன், அப்போதும் வெள்ளைதான். வலையமைப்பு குற்றவாளியல்ல என்பது அதனால் தெளிவாயிற்று.

அடுத்ததாக நான் செய்தது அரைகுறை வேலை. விண்டோஸின் Credential Manager-ஐத் திறந்து, Windows Credentials என்ற பகுதியில் `MicrosoftOffice16_Data` என்று தொடங்கும் பதிவுகளை நீக்கினேன். இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் அறிவுரை இதுதான், பல சமயங்களில் இதுவே போதும். வேர்டைத் திறந்தேன். சாளரம் இந்த முறை வெள்ளையாக இல்லை. மாறாக, நான் எதையும் கேட்காமலேயே அந்தப் பழைய மாணவரின் முகவரியை நிரப்பிக்கொண்டு வந்து நின்றது. வெளியே அனுப்பியவர் கொல்லைப்புறமாக வந்து மறுபடி திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

கொல்லைப்புறக் கதவு விண்டோஸிலேயே இருந்தது. Settings-இல் Accounts, அதற்குள் Access work or school என்ற பக்கத்தில் அந்த மாணவரின் அலுவலகக் கணக்கு இணைக்கப்பட்டிருந்தது. முதன்முறை வேர்டில் உள்நுழைந்தபோது, இந்தக் கணக்கை உங்கள் எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்தலாமா, உங்கள் நிறுவனம் இந்தக் கணினியை நிர்வகிக்கலாமா என்ற பொருளில் வரும் கேள்விக்கு அவர் OK கொடுத்திருக்க வேண்டும். யாரும் அப்படித்தான் கொடுப்பார்கள். பெரிய பொத்தான் அதுதானே. அதன் பிறகு அந்தக் கணக்கு வேர்டுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் விண்டோஸுக்கே தெரிந்த கணக்காகிவிடுகிறது. வேர்டிலிருந்து வெளியேற்றினாலும், அடுத்த முறை வேர்ட் திறக்கும்போது விண்டோஸ் அதே கணக்கைக் கையில் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் உள்நுழைவு தடுக்கப்பட்டிருப்பதால், கொடுத்தது பயன்படாமல் சாளரம் விழுகிறது.

இங்கே Disconnect பொத்தானை அழுத்துவதற்கு முன் கட்டாயம் ஒன்றைச் சோதிக்க வேண்டும். கணினி, நிறுவனத்தின் அடைவில் முழுமையாக இணைக்கப்பட்டு, விண்டோஸுக்குள் நுழைவதே அந்த அலுவலகக் கணக்கைக் கொண்டுதான் என்றால், இணைப்பை முறித்தவுடன் அடுத்த முறை கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். கட்டளைச் சாளரத்தில் இதை ஓட்டினால் தெரிந்துவிடும்.

```
dsregcmd /status
```

வரும் நீண்ட பட்டியலில் `AzureAdJoined : NO` என்றும் `WorkplaceJoined : YES` என்றும் இருந்தால், கணக்கு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதே தவிரக் கணினி அதை நம்பி நிற்கவில்லை என்று பொருள். இங்கே அப்படித்தான் இருந்தது. விண்டோஸ் நுழைவுக்கு அந்தக் கணினியிலேயே உருவாக்கிய தனிக் கணக்குப் பயன்பாட்டில் இருந்தது. மாறாக `AzureAdJoined : YES` என்று வந்திருந்தால் நான் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டேன், நிர்வாகியோடு உட்கார்ந்து வேறு வழியில் போயிருப்பேன்.

இன்னொரு முன்னெச்சரிக்கையாக, ஒன்டிரைவ் எல்லாக் கோப்புகளையும் மேலேற்றி முடித்துவிட்டதா என்று பார்த்தேன். அவுட்லுக் செயலியை அவர் பயன்படுத்தாததால் அஞ்சல் கோப்புகளைப் பற்றிய கவலை இல்லை. பிறகு வேர்ட், எக்செல் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மாணவரின் கணக்கை Disconnect செய்தேன். Email & accounts பக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன்; இல்லை. Credential Manager-இல் மறுபடி முளைத்திருந்த பதிவுகளை நீக்கினேன். கடைசியாக, பழைய உரிமக் கோப்புகள் இருக்கும் கோப்புறையை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றினேன். எதையும் அழிப்பதற்கு முன் ஒரு வாரம் ஓரமாக வைத்திருப்பது எனக்கு நிம்மதி.

```
ren "%localappdata%\Microsoft\Office\Licenses" Licenses_old
```

கணினியை மறுதொடக்கம் செய்து வேர்டைத் திறந்தபோது, இந்த முறை உள்நுழைவுச் சாளரம் யாருடைய பெயரும் இல்லாமல் காலியாக வந்தது. கணக்காளர் அம்மா தம் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, கைப்பேசியில் வந்த ஒப்புதலையும் அளித்தார். எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வந்தபோது, நிறுவனம் நிர்வகிக்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டு, இந்தச் செயலியில் மட்டும் என்று பொருள்படும் சிறிய எழுத்து இணைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மேசைகள் அடிக்கடி கைமாறும் அலுவலகத்தில் அதுவே நல்லது என்பது என் கருத்து. நிறுவனமே கணினிகளை மையமாக நிர்வகிக்கும் இடங்களில் இந்த ஆலோசனை பொருந்தாது. வேர்டை ஒருமுறை மூடித் திறந்ததும் பட்டை மறைந்தது. Account பக்கத்தில் Subscription Product என்றும் Belongs to: என்பதற்கு நேரே அவர் முகவரியும் வந்தன. அதே நிரலை மறுபடி ஓட்டியபோது `LicenseState` என்பதற்கு நேரே `Licensed` என்று இருந்தது. ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

இப்போது வீட்டு மடிக்கணினி. இதற்கும் முதலில் கணக்கின் பக்கத்தையே கேட்டேன். ஆனால் வீட்டுத் திட்டங்களுக்கு வழி வேறு: மறைநிலைச் சாளரத்தில் account.microsoft.com/services என்ற பக்கம். மடிக்கணினியில் வேர்டின் Account பக்கத்தில் ஆடிட்டரின் சொந்த மின்னஞ்சல் முகவரி இருந்ததால், அந்தக் கணக்கிலேயே உள்நுழையச் சொன்னேன். குடும்பச் சந்தா காலாவதியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது என்று அந்தப் பக்கம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. ஆக, இங்கே எச்சரிக்கை சொன்னது உண்மை. இது முடிந்துபோன சந்தா.

தானாகப் புதுப்பிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தும் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று ஆடிட்டர் கேட்டார். சந்தா தொடங்கியபோது கொடுத்த வங்கி அட்டை இடையில் காலாவதியாகி, புதிய எண்ணோடு வேறு அட்டை வந்திருந்தது. பழைய எண்ணில் பணம் எடுக்க முடியவில்லை என்ற அஞ்சல்கள் அவர் திறக்காத ஒரு பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு, அவருக்கு அது பொருந்தவில்லை என்றாலும் சொல்லிவைத்தேன். 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையில் தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் தொகைக்கு வங்கியில் முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பதிவு இல்லாத பழைய ஏற்பாடுகள் பல சத்தமில்லாமல் நின்றுபோயின. சந்தா உண்மையாகவே முடிந்திருப்பது தெரிந்தால், அட்டையை மாற்றுவதோடு இந்த ஒப்புதலையும் பார்த்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இதே மாதம் இதே இடத்தில் நிற்க வேண்டிவரும்.

ஆனால் அவர்தான் முந்தைய நாளே ஓராண்டுக்கான குடும்பச் சந்தா அட்டையைக் கடையில் வாங்கியிருந்தாரே. அட்டையைக் காட்டினார், சுரண்டப்பட்டு, 25 எழுத்துக் குறியீடு தெரிந்தது. அதை எங்கே பதிந்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் சார்ஜில் இருந்த கைப்பேசியை எடுத்து, அட்டையில் இருந்த முகவரிக்குப் போய், குறியீட்டைத் தட்டியதாகவும், நன்றி என்று வந்ததாகவும் சொன்னார். அது யாருடைய கைப்பேசி என்றேன். சற்று யோசித்துவிட்டு, மனைவியுடையது என்றார்.

அங்கேயே விடை கிடைத்துவிட்டது. குறியீட்டைப் பதியும்போது எந்தக் கணக்கு உள்நுழைந்திருக்கிறதோ அந்தக் கணக்கோடு சந்தா நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அதே குறியீட்டை இன்னொரு கணக்கில் மறுபடி பதிய முடியாது. வீட்டம்மாவின் கணக்கில் அதே சேவைகள் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஓராண்டுக் குடும்பச் சந்தா பளிச்சென்று உயிரோடு இருந்தது. மடிக்கணினியோ இன்னும் ஆடிட்டரின் கணக்கையே பிடித்துக்கொண்டு, அவருடைய சந்தா முடிந்துவிட்டது என்று சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் வரை இது சந்தா முடிந்த பிரச்சினை. குறியீட்டைப் பதிந்த நிமிடத்திலிருந்து இது உள்நுழைவுப் பிரச்சினை. திரையில் மட்டும் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அவசரப்பட்டு இன்னொரு அட்டை வாங்கவோ, மடிக்கணினியில் தாயாரின் கணக்கை உள்நுழைக்கவோ தேவையில்லை. இரண்டாவது வழி வேலை செய்யும் என்றாலும், மகளின் கோப்புகள் தாயாரின் ஒன்டிரைவில் போய்ச் சேரத் தொடங்கும். அதைப் பின்னர் பிரிப்பது பெரிய தலைவலி. குடும்பச் சந்தாவை வாங்கியவரையும் சேர்த்து ஆறு பேர் வரை பயன்படுத்தலாம் என்பதால், நேரான வழி பகிர்வதுதான். வீட்டம்மாவின் கணக்கில் அதே பக்கத்தில் சந்தாவைப் பகிரும் பகுதிக்குப் போய், ஆடிட்டருக்கும் மகளுக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்பச் செய்தோம். அழைப்பை ஏற்கும்போதும் அதே கண்ணி இருக்கிறது: அழைப்பு எந்த முகவரிக்கு வந்தது என்பது முக்கியமல்ல, அதை ஏற்கும் உலாவியில் யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். ஆகவே மகளைத் தொலைபேசியில் அழைத்து, அவரே மறைநிலைச் சாளரத்தில் தம் கணக்கில் நுழைந்து ஏற்கும்படி சொன்னேன்.

அதன் பிறகு மடிக்கணினியில் ஆடிட்டரின் கணக்கை வேர்டிலிருந்து வெளியேற்றினேன். அது தந்தையின் பெயரில் இருந்ததற்குக் காரணம், மூன்றாண்டுகளுக்கு முன் மடிக்கணினியை வாங்கிவந்த அன்று அவர்தான் முதலில் திறந்தார் என்பது மட்டுமே. மகள் மாலையில் வந்து தம் கணக்கில் உள்நுழைந்தார். பட்டை உடனே போகவில்லை. Account பக்கத்தில் Update License பொத்தானை அழுத்தி, கேட்டபோது மறுபடி உள்நுழைந்து, எல்லாச் செயலிகளையும் மூடித் திறந்த பின்னரே Belongs to: வரியில் அவர் முகவரி வந்தது. பகிர்வு ஏற்கப்பட்டதற்கும் கணினி அதை அறிந்துகொள்வதற்கும் சற்று நேரம் பிடிக்கலாம். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து மென்பொருளை அழித்து நிறுவத் தொடங்குவதுதான் பொதுவாக நடக்கிறது. இந்த இரண்டு கணினிகளிலும் மென்பொருளை அழித்து நிறுவியிருந்தாலும் எந்தப் பயனும் இருந்திருக்காது, ஏனெனில் கணக்குச் செய்திகள் அந்த அழிப்பில் போவதில்லை.

மடிக்கணினியில் மறுநிறுவல் உதவியிருக்கக்கூடிய ஒரே சூழலையும் சோதித்துவிட்டேன். கடையில் வாங்கும்போதே சோதனைப் பதிப்பு ஒன்று நிறுவப்பட்டு வந்து, அதன் மேல் வேறு பதிப்பு நிறுவப்பட்டிருந்தால், இரண்டில் உரிமம் இல்லாதது இதே எச்சரிக்கையைக் காட்டிக்கொண்டே இருக்கும். Settings-இல் Installed apps பட்டியலில் ஒரே ஒரு பதிப்புதான் இருந்தது.

இந்த இரண்டு வழிகளிலும் சேராத மூன்றாவது சூழலைப் பற்றி, அங்கிருந்த புதிய பயிற்சி மாணவர் கேட்டார். கிளை அலுவலகத்தில் இணையமே இல்லாமல் வைத்திருக்கும் கணினியில் இப்படி வந்தால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. சந்தா வகை மென்பொருள் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டு உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கணினியில் சந்தாவும் சரி, கணக்கும் சரி என்றால், கைப்பேசியின் இணையத்தை இணைத்து வேர்டைத் திறந்து சில நிமிடங்கள் வைத்திருந்தாலே பட்டை போய்விடும். போகவில்லை என்றால்தான் மேலே சொன்ன விசாரணை தொடங்குகிறது. நிரந்தரமாக இணையம் இல்லாமல் இருக்கப்போகும் கணினிக்குச் சந்தா வகையே பொருந்தாது. ஒருமுறை வாங்கும் பதிப்புதான் அதற்கு ஏற்றது.

முன்மேசை வேலை முடியும்வரை கணக்காளர் அம்மா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவசரமாக அனுப்ப வேண்டியிருந்த ஒரு கடிதத்தைப் பக்கத்துக் கணினியின் உலாவியில், தம் கணக்கில் நுழைந்து, இணைய வேர்டில் திருத்தி அனுப்பிவிட்டார். அவருடைய கணக்கிலும் உரிமத்திலும் கோளாறு இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்றாக அமைந்தது, ஆனால் முழுச் சான்றாக அல்ல. இணைய வேர்டைத் திருத்தப் பயன்படுத்துவதற்குக் கட்டணமில்லாத கணக்கே போதும்.

புறப்படும் முன் மற்ற ஐந்து கணினிகளிலும் Account பக்கத்தைத் திறந்து, Belongs to: வரியில் இருப்பவரும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவர்தானா என்று பார்த்தேன். ஒரு கணினியில் இல்லை. அங்கே ஆடிட்டரின் கணக்கே உள்நுழைந்திருந்தது, உரிமமும் அவருடையதாகவே இருந்தது. அதனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதை மறுநாள் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். முன்மேசைக் கணினியின் `Licenses_old` கோப்புறையை அடுத்த திங்கட்கிழமை சென்று அழித்தேன். அதுவரை பட்டை திரும்பி வரவில்லை.